உங்கள் புகார் இப்போது யாரிடம் இருக்கிறது?

இணையக் கடையில் ஒரு பொருள் வாங்குகிறோம். ஏதோ கோளாறாகிவிடுகிறது. மெயில் போட்டால் அடுத்த நொடியே பதில் வருகிறது: "உங்கள் புகார் கிடைத்தது. டிக்கெட் எண் இன்னது." மனிதர் யாரும் அதைப் படிக்கவில்லை என்பது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ சத்தமே இல்லை. அப்புறம் யாரோ ஒருவர் ஆர்டர் எண் கேட்கிறார். கொடுக்கிறோம். இன்னொருவர் அதே எண்ணை மறுபடி கேட்கிறார். கடைசியில் ஒருநாள், பணமும் வராமல் பொருளும் வராமல், "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் கொடுங்கள்" என்று ஒரு மெயில் வந்து நிற்கிறது.

யாரும் வேண்டுமென்று செய்த அவமரியாதை அல்ல இது. அந்தக் கடையின் டிக்கெட் வரிசையில் சில விதிகள் இருக்கின்றன. அவை தப்பாக அமைந்திருந்தாலோ, ஏஜென்ட் தப்பான பொத்தானை அழுத்தினாலோ இப்படித்தான் ஆகும். அந்த வரிசை எப்படி ஓடுகிறது என்பதை ஒரே ஒரு டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம்.

இந்த வேலைக்கான மென்பொருள்களில் மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். 2007-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தொடங்கிய ஜென்டெஸ்க் ஒன்று. மற்ற இரண்டும் நம்மூர்ப் பிள்ளைகள். ஃப்ரெஷ்டெஸ்க், 2010-இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதமும் அவர் கூட்டாளியும் தொடங்கியது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குள் போனது. மற்றது ஜோஹோ டெஸ்க். நாம் பார்க்கப்போகும் விஷயத்துக்கு எது என்பது முக்கியமில்லை. மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான்.

நெசவுச் சேலைகளை இணையத்தில் விற்கும் நடுத்தர அளவிலான கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் சேவைக்கு ஐந்தாறு பேர். திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. திருநெல்வேலியில் இருக்கும் ஒரு அம்மா வெள்ளிக்கிழமை இரவு 9.41-க்கு 4,850 ரூபாய்ச் சேலை ஒன்றை யூபிஐ மூலம் வாங்கப் பார்க்கிறார். திரை சுற்றிக்கொண்டே இருந்து "பணம் செலுத்துதல் தோல்வி" என்கிறது. சேலை கைவிட்டுப் போய்விடுமே என்று 9.47-க்கு மறுபடி முயல்கிறார். இந்தத் தடவை ஆர்டர் ஆகிவிடுகிறது. பிறகுதான் வங்கியின் குறுஞ்செய்திகளைப் பார்க்கிறார். இரண்டு தடவையும் பணம் போயிருக்கிறது.

9.58-க்கு மெயில் போடுகிறார். தலைப்பு "அவசரம்". ஆர்டர் எண் இல்லை. அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதுகிறார். காலையில் எழுந்ததும் இன்ஸ்டாகிராமிலும் ஒன்று. அவர் பார்வையில் இது ஒரே புகார். கடையின் கணினியில் மூன்று டிக்கெட்டுகள்.

யாருடைய கடிகாரம்?

சனிக்கிழமை காலை 9 மணிக்குக் காலை ஷிஃப்ட் ஏஜென்ட் வந்து உட்காரும்போது இரவு முழுக்கச் சேர்ந்த டிக்கெட்டுகள் வரிசையில் நிற்கின்றன. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் செய்யும் முதல் காரியம், மேலே இருப்பதைத் திறப்பது. மேலே இருப்பது பெரும்பாலும் கடைசியாக வந்தது. அப்படியே போனால் முந்தின இரவு எழுதியவர் மத்தியானம் வரை காத்திருப்பார், காலை 8.55-க்கு எழுதியவருக்கு உடனே பதில் கிடைக்கும். இன்னொரு பழக்கம், சுலபமானதைப் பொறுக்குவது: "பார்சல் எங்கே" என்ற கேள்விகளை மட்டும் மளமளவென்று முடித்து எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டு, சிக்கலான பணப் புகாரை அடுத்தவருக்கு விட்டுவிடுவது. பல இடங்களில் டிக்கெட்டுகளை மென்பொருளே ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பதற்கு இதுதான் காரணம்.

பழையதிலிருந்து தொடங்குவது நல்ல விதி. ஆனால் அதற்கும் முன்னால் ஐந்து நிமிடம் முழு வரிசையையும் கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். தேட வேண்டியது ஒன்றுதான்: பொறுத்தால் கெட்டுப்போவது எது? "முகவரியைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன், மாற்றுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூரியர் வண்டி 11 மணிக்கு வரும். அதற்குமுன் மாற்றினால் ஒரு நிமிட வேலை. அதற்குப் பின் பார்சல் வேறு ஊருக்குப் போய்த் திரும்பி வருகிற பத்து நாள் வேலை. திருநெல்வேலி அம்மாவின் புகாரில் பணம் அதிகம், பதற்றம் அதிகம், தலைப்பில் "அவசரம்" என்றுகூட இருக்கிறது. ஆனாலும் முகவரி மாற்றம்தான் முதலில். வாடிக்கையாளர் போடும் அவசர முத்திரையை நம்பி வரிசை போட முடியாது. எல்லோருக்கும் அவரவர் விஷயம் அவசரம்தான்.

அடுத்து மூன்று டிக்கெட்டுகளையும் ஒன்றாக்க வேண்டும். அலுவலகத்தில் 'மெர்ஜ்' என்பார்கள். ஒன்றாக்காவிட்டால் மூன்று ஏஜென்ட்டுகள் மூன்று விதமாகப் பதில் சொல்வார்கள். ஒருவர் "ரீஃபண்ட் வரும்" என்பார், இன்னொருவர் "வங்கியைக் கேளுங்கள்" என்பார். ஆனால் இதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். ஜென்டெஸ்க்கில் மெர்ஜ் செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஒரே பெயருடைய இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் ஒருவர் விவரம் மற்றவருக்குப் போய்விடும். அதனால் பெயரைப் பார்க்காமல் தொலைபேசி எண்ணையோ மெயில் முகவரியையோ பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். முதல் பதில் இத்தனை மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்று ஒவ்வொரு கடையும் ஒரு கெடு வைத்திருக்கும். அலுவலக வழக்கில் அது எஸ்எல்ஏ. நம் கடையில் 4 வேலை மணி நேரம். வேலை நேரம் 9 மணிக்குத்தான் தொடங்குகிறது என்பதால், கடையின் கணக்குப்படி அந்த அம்மாவின் மெயில் வந்தது சனிக்கிழமை காலை 9 மணிக்கு. கெடு மதியம் 1 மணி. அவருடைய கணக்கில் 9 மணிக்கே பதினொரு மணி நேரம் ஆகிவிட்டது. மாத இறுதியில் மேலாளர் பார்க்கும் அறிக்கையில் இருப்பது கடையின் கணக்கு. இரண்டையும் காட்டும் வசதி மென்பொருளில் உண்டு. ஆனால் இரண்டாவதைப் பார்க்கிற மேலாளர்கள் குறைவு என்பது என் எண்ணம். அந்த எண் பார்க்க நன்றாக இருக்காது.

தானாகப் போகும் "கிடைத்தது" மெயில் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. ஏஜென்ட் உள்ளே எழுதிவைக்கும் குறிப்பும் நிறுத்தாது. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு மனிதர் எழுதும் முதல் பதில்தான் நிறுத்தும். ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. "உங்கள் பொறுமைக்கு நன்றி, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு வரி அனுப்பினாலும் அது நின்றுவிடும். கெடு தாண்டப்போகும் டிக்கெட்டுகளுக்கெல்லாம் 12.50-க்கு இந்த ஒற்றை வரி பறந்துகொண்டிருக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. அறிக்கையில் நூற்றுக்கு நூறு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் பதிலுக்குப் பிறகு வாடிக்கையாளர் எழுதும் அடுத்த மெயிலைப் படித்துப் பார்க்க வேண்டும். அவர் முதலில் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டிருந்தால், முதல் பதிலில் ஒன்றும் இல்லை என்று பொருள்.

நம் ஏஜென்ட் அப்படிச் செய்யவில்லை. பதில் எழுதுவதற்குமுன் தானே பார்க்கக்கூடியதை எல்லாம் பார்க்கிறார். மெயில் முகவரியை வைத்து ஆர்டரைக் கண்டுபிடிக்கிறார். பணம் வசூலித்துக் கொடுக்கும் பேமென்ட் கேட்வேயின் திரையில் தேடினால் இரண்டு முயற்சிகளும் தெரிகின்றன: 9.47 வெற்றி, 9.41 தோல்வி. வங்கியில் பணம் கழிந்திருக்கிறது, ஆனால் கடைப் பக்கம் வந்து சேரவில்லை. அவர் எழுதும் பதில் இப்படி இருக்கிறது:

> வணக்கம் மேடம். நேற்று இரவு 9.41-க்கும் 9.47-க்கும் ரூ.4,850 வீதம் இரண்டு முறை பணம் செலுத்த முயன்றிருக்கிறீர்கள். 9.47-க்குச் செலுத்தியது எங்களுக்குக் கிடைத்துவிட்டது. சேலை திங்கட்கிழமை அனுப்பப்படும். 9.41-க்குப் போன பணம் இதுவரை எங்களுக்கு வரவில்லை. அது எங்களுக்கு வராமலே போனால், ரிசர்வ் வங்கி விதிப்படி புதன்கிழமைக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்குத் தானாகவே திரும்பிவிட வேண்டும். தாமதமாக எங்களுக்கு வந்து சேர்ந்தால் நாங்களே திருப்பித் தருவோம். உங்கள் யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதை இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்பினால் தேடுவது எளிது. அனுப்பாவிட்டாலும் திங்கள் மாலை மறுபடி பார்த்து உங்களுக்கு எழுதுகிறோம்.

"வருந்துகிறோம்" என்ற சொல் ஒரு தடவைகூட இதில் இல்லை. வாடிக்கையாளர் கையில் ஏற்கெனவே இருக்கும் எதையும் அநாவசியமாகக் கேட்கவில்லை. அடுத்து யார், எப்போது, என்ன செய்வார்கள் என்று சொல்லியிருக்கிறது. புதன்கிழமை என்ற நாளும் ஊகம் அல்ல. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-இல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, யூபிஐ மூலம் கடைக்குப் பணம் கட்டி, கணக்கில் கழிந்தும் கடைக்கு உறுதிப்பாடு வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும். வெள்ளியோடு 5 நாள் கூட்டினால் புதன்.

வாடிக்கையாளர் பார்க்காத பக்கம்

டிக்கெட் திரையில் எழுதும் பெட்டி ஒன்றுதான், ஆனால் அதற்கு இரண்டு முகங்கள். ஒன்றில் எழுதினால் வாடிக்கையாளருக்குப் போகும். மற்றதில் எழுதினால் அலுவலகத்துக்குள்ளேயே நிற்கும். ஃப்ரெஷ்டெஸ்க்கில் ப்ரைவேட் நோட் என்பார்கள், ஜென்டெஸ்க்கில் இன்டர்னல் நோட். தப்பு நடக்கக் கூடாதென்று ஜென்டெஸ்க் அந்தப் பெட்டிக்கு மஞ்சள் நிறம் பூசியிருக்கிறது. அப்படியிருந்தும் "இந்த அம்மா மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க" என்ற வரி அந்த அம்மாவுக்கே போய்ச் சேர்ந்த கதைகள் இந்தத் துறையில் நிறைய. தடுக்கும் வழி நிறத்தில் இல்லை. அவர் படித்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி எழுதுவதில்தான் இருக்கிறது. அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. இதே கடை லண்டனுக்குச் சேலை அனுப்பினால், அங்கிருக்கும் வாடிக்கையாளர் தன்னைப் பற்றிக் கடை வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்க பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. அவரைப் பற்றி எழுதிய உள்குறிப்புகளும் அதில் அடங்கும்.

நல்ல குறிப்பு யாருக்காக? அடுத்த ஷிஃப்ட்டில் இதே டிக்கெட்டைத் திறக்கப்போகும், இந்தக் கதை எதுவும் தெரியாத, அவசரத்தில் இருக்கும் ஒருவருக்காக. "கேட்வேயில் பார்த்தேன், வெயிட் பண்ணணும்" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. எங்கே பார்த்தார், என்ன தெரிந்தது, எதற்காக வெயிட்? அவர் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பார், அல்லது வாடிக்கையாளரையே கேட்பார். நாம் எரிச்சலடைகிற அந்த இரண்டாவது "ஆர்டர் எண் சொல்லுங்கள்" இப்படித்தான் பிறக்கிறது. நம் ஏஜென்ட் எழுதியது:

> பார்த்தது: கேட்வேயில் இரண்டு முயற்சிகள். 9.41 தோல்வி, 9.47 வெற்றி, ஆர்டர் அதற்குத்தான். சேலை ஒன்றுதான், இரண்டு ஆர்டர் இல்லை.
> சொன்னது: வராவிட்டால் புதனுக்குள் வங்கி திருப்பும், வந்தால் நாம் திருப்புவோம். திங்கள் மாலை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.
> அடுத்தது: திங்கள் 4 மணிக்கு 9.41 முயற்சியைக் கேட்வேயில் மறுபடி பார்க்கவும். இன்னமும் தோல்வி என்றால் வங்கியின் பொறுப்பு, புதன் வரை பொறுக்கலாம். வெற்றி என்று மாறியிருந்தால் பணம் நம்மிடம் வந்துவிட்டது. வங்கி திருப்பாது, நாம்தான் ரீஃபண்ட் தர வேண்டும்.

கடைசி வரிதான் இந்தக் குறிப்பின் உயிர். தோல்வி என்று காட்டிய பணம் சில சமயம் மணிக்கணக்கில் தாமதமாகக் கடையின் கேட்வேக்கு வந்து சேரும். அந்த நொடியில் பொறுப்பு கை மாறுகிறது. அதைத் தெரியாத ஏஜென்ட், புதன் வரை காத்திருங்கள் என்ற ஆயத்தப் பதிலையே அனுப்பிக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் வங்கிக்குப் போவார். கடைக்கு அனுப்பிவிட்டோம் என்று வங்கி சொல்லும். கடை வங்கியைக் கேட்கச் சொல்லும். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் திரைப்படி உண்மை.

பெண்டிங் என்ற சின்னப் பொத்தான்

பதிலும் அனுப்பியாயிற்று, குறிப்பும் எழுதியாயிற்று. இனி டிக்கெட்டுக்கு ஒரு நிலை கொடுக்க வேண்டும். பலர் இதை ஒரு சடங்காக நினைப்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நிலை என்பது உண்மையில் ஒரே கேள்விக்கான பதில்: அடுத்த வேலை யாருடையது? 'ஓப்பன்' என்றால் நம்முடையது. 'பெண்டிங்' என்றால் வழக்கமாக வாடிக்கையாளருடையது. அவரிடம் ஏதோ கேட்டிருக்கிறோம். 'ஆன் ஹோல்ட்' அல்லது மூன்றாம் நபருக்காகக் காத்திருப்பு என்றால் வங்கி, கூரியர், நெசவாளர் என்று வேறு யாரோ.

திருநெல்வேலி அம்மாவிடம் 12 இலக்க எண் கேட்டிருக்கிறோம். ஆகவே பெண்டிங் என்று போடலாமே என்று தோன்றும். போட்டால் என்ன ஆகும் பாருங்கள். பெண்டிங்கில் இருக்கும் டிக்கெட்டுகளுக்குக் கடையில் ஒரு தானியங்கி விதி இருக்கிறது: 2 நாள் பதில் வராவிட்டால் நினைவூட்டல், 4 நாள் வராவிட்டால் தீர்ந்ததாக மூடிவிடு. கேட்ட விவரத்தைக் கொடுக்காமல் மறைந்துபோகும் வாடிக்கையாளர்கள் ஏராளம் என்பதால் இப்படி ஒரு விதி தேவைதான். ஆனால் இந்த அம்மா எண்ணைத் தேடத் தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டால், புதன்கிழமை காலை கணினி தானே டிக்கெட்டை மூடிவிடும். பணம் வராத அதே நாளில் "உங்கள் பிரச்சினை தீர்ந்தது" என்ற மெயில் போகும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த மெயில் பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புகிறது.

அதனால் ஏஜென்ட் ஆன் ஹோல்ட் போடுகிறார். அந்த எண் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் வேலை நிற்கப்போவதில்லை. உண்மையில் காத்திருப்பது வங்கிக்காக.

இன்னொரு ஆசையும் ஏஜென்ட்டை பெண்டிங் பக்கம் இழுக்கும். டிக்கெட் பெண்டிங்கில் இருக்கும் நேரத்தைக் கடைகள் வழக்கமாகத் தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. வாடிக்கையாளர் தாமதித்தால் அது ஏஜென்ட்டின் குற்றம் அல்லவே. நியாயம்தான். ஆனால் அதனாலேயே, கெடு நெருங்கும்போது ஏதாவது ஒரு கேள்வி கேட்டு பெண்டிங்கில் போட்டுவிடுவது சுலபமான தப்பிப்பாகிவிடுகிறது. "ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப முடியுமா?" முதல் மெயிலிலேயே ஸ்க்ரீன்ஷாட் இருக்கும். நல்ல டீம் லீட் வாரம் ஒருமுறை பெண்டிங்கில் இருக்கும் டிக்கெட்டுகளில் சிலவற்றைத் திறந்து, கடைசியாகக் கேட்ட கேள்விக்கான பதில் ஏற்கெனவே அந்த டிக்கெட்டிலேயே இருக்கிறதா என்று பார்ப்பார். எந்த வரைபடமும் அதைக் காட்டாது. படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆன் ஹோல்டுக்கும் ஒரு நோய் உண்டு. அதில் போட்டதை யாரும் மறுபடி திறப்பதில்லை. வங்கியோ கூரியரோ தானாக வந்து "எங்கள் வேலை முடிந்தது" என்று சொல்லாது. ஆகவே தேதி இல்லாமல் ஆன் ஹோல்ட் போடக் கூடாது என்பது பல இடங்களில் எழுதப்படாத சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா 12 இலக்க எண்ணை அனுப்புகிறார். கூடவே மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டும். உதவுவதாக நினைத்து வாடிக்கையாளர்கள் தேவைக்கு மேல் கொடுப்பது வழக்கம். சிலர் கார்டின் பின்பக்கப் படத்தைக்கூட அனுப்புவார்கள். பார்த்தவுடன் அதை டிக்கெட்டிலிருந்து நீக்க வேண்டும். டிக்கெட்டைப் பார்க்கும் உரிமை அலுவலகத்தில் பலருக்கு இருக்கிறது. பதில் வந்ததால் டிக்கெட் தானாக ஓப்பன் ஆகி வரிசைக்குத் திரும்புகிறது.

திங்கள் மாலை இருப்பவர் வேறு ஏஜென்ட். அவர் குறிப்பைப் படிக்கிறார், 4 மணிக்குக் கேட்வேயைத் திறக்கிறார். 9.41 முயற்சி இப்போது வெற்றி என்று காட்டுகிறது. பணம் சனிக்கிழமையே கடைக்கு வந்துவிட்டது. கணக்குப் பிரிவுக்கு ரீஃபண்ட் கோரிக்கை போடுகிறார். வாடிக்கையாளருக்கு எழுதுகிறார்: "மேடம், நீங்கள் முதலில் செலுத்திய பணம் தாமதமாக எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இனி வங்கிக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளை நாங்களே திருப்பி அனுப்புகிறோம்." முதல் ஏஜென்ட்டிடம் அவர் எதையும் கேட்கவில்லை, அவருக்கு அன்று விடுமுறை.

எப்போது மூடலாம்?

செவ்வாய் காலை கணக்குப் பிரிவு ரீஃபண்டை அனுப்பிவிட்டது. கடையின் திரையில் பச்சை நிறத்தில் "ப்ராசஸ்டு" என்று வந்துவிட்டது. ஏஜென்ட்டின் வேலை முடிந்ததா? கடைகள் அதிகமாகச் சண்டை போட்டுக்கொள்வது இந்தக் கேள்விக்குத்தான். முடிந்தது என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: இனி செய்வதற்கு நம் கையில் எதுவும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் கேட்டது ரீஃபண்ட் அனுப்புவதை அல்ல, பணம் வருவதை. செவ்வாயன்று மூடினால் புதனன்று அவர் "இன்னும் வரவில்லையே" என்று எழுதுவார், டிக்கெட் மறுபடி திறக்கும். இப்படி மூடித் திறக்கும் டிக்கெட்டுகளின் விகிதம் ஒரு குறிப்பிட்ட வகைப் புகாரில் மட்டும் ஏறினால், ஆட்களைத் திட்டுவதற்கு முன் அந்த வகைக்கான மூடும் விதியைப் பார்க்க வேண்டும்.

எனக்குச் சரியென்று படும் விதி, புகாரின் வகைக்கு ஏற்ப வேறாக இருப்பதுதான். "சேலையை வீட்டில் துவைக்கலாமா" என்ற கேள்விக்குப் பதில் அனுப்பியவுடன் மூடலாம். பார்சல் புகார் என்றால் பார்சல் சேர்ந்த பிறகு. பணப் புகார் என்றால் ரீஃபண்டின் குறிப்பு எண்ணை வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு, அவர் வந்தது என்று சொல்லும் வரையோ, வருவதற்கான நாள் கடந்து எதிர்ப்பு ஒன்றும் வராத வரையோ திறந்தே வைக்க வேண்டும். நம் ஏஜென்ட் குறிப்பு எண்ணை அனுப்பி, வெள்ளிக்கிழமை என்று தேதி போட்டு ஆன் ஹோல்டில் வைக்கிறார். வியாழனன்று பதில் வருகிறது: "வந்துடுச்சுப்பா, ரொம்ப நன்றி." 'ரிசால்வ்டு'.

இதற்குப் பிறகும் ஒரு கதவு இருக்கிறது. தீர்ந்தது வேறு, மூடியது வேறு. தீர்ந்த டிக்கெட்டுக்கு வாடிக்கையாளர் பதில் எழுதினால் அது உயிர்பெற்று வரிசைக்கு வரும். வெறும் நன்றி எழுதினாலும் வரும், ஏஜென்ட் மறுபடி அதைத் தீர்ந்ததாகக் குறிக்க வேண்டும். ஜென்டெஸ்க் தரும் ஆயத்த விதிப்படி தீர்ந்த டிக்கெட் 4 நாட்களில் மூடப்படும். கடை விரும்பினால் இந்தக் கெடுவை நீட்டலாம், ஆனால் 28 நாட்களுக்கு மேல் விடாது. மூடிய பிறகு யாராலும் திறக்க முடியாது. வாடிக்கையாளர் அதே மெயிலுக்குப் பதில் எழுதினால், பழையதோடு இணைப்புள்ள புது டிக்கெட் பிறக்கும். ஃப்ரெஷ்டெஸ்க்கின் இயல்பு வேறு. மூடிய டிக்கெட்டும் பதில் வந்தால் திறந்துகொள்ளும், கடை அந்த விதியை மாற்றிக்கொள்ளலாம்.

பூட்டுவது எதற்கு என்றால், அந்த அம்மா மூன்று வாரம் கழித்து அதே மெயிலைத் தேடியெடுத்து "சேலை சாயம் போகிறது" என்று எழுதுவார். அது வேறு புகார், வேறு ஆட்கள் பார்க்க வேண்டியது. பழைய டிக்கெட்டே திறந்தால் பணப் புகார் ஒன்று தீர ஒரு மாதம் ஆனதாக அறிக்கை சொல்லும். சாயப் புகார் எந்தக் கணக்கிலும் வராது. சீக்கிரம் பூட்டினாலும் சிக்கல். வெளியூர் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வருபவர் தன் கதையைப் புது ஏஜென்ட்டிடம் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

புகார் கொடுக்கும் பக்கத்தில் நிற்கும் நமக்கு இதில் சில உபயோகங்கள் இருக்கின்றன. மூன்று இடத்தில் எழுதுவதைவிட ஓரிடத்தில் எழுதி, அதே மெயிலுக்கே பதில் போட்டு வருவது நல்லது. கேட்ட எண் கைவசம் இல்லாவிட்டால் பேசாமல் இருக்கக் கூடாது. "என்னிடம் இல்லை, ஆனால் பிரச்சினை தீரவில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும், தானியங்கி விதி நின்றுவிடும். தீர்ந்தது என்று மெயில் வந்தால், தீரவில்லை என்று அதற்கே உடனே பதில் போடுங்கள். நாள் கடந்தால் கதவு பூட்டிவிடும். அந்த டிக்கெட் எண்ணையும் முதல் மெயில் வந்த தேதியையும் அழிக்க வேண்டாம். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி கடையின் குறைதீர்ப்பு அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், பெற்ற நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பல விற்பனையாளர்களின் பொருளை விற்கும் இணையச் சந்தைகள் ஒவ்வொரு புகாருக்கும், அதன் நிலையைப் பார்க்கும்படி ஒரு டிக்கெட் எண் தந்தாக வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தாலும் அந்த எண்ணும் தேதியும் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும். கடையின் கணினியில் பெண்டிங், ஆன் ஹோல்ட் என்று எதைப் போட்டு அவர்கள் கடிகாரத்தை நிறுத்தினாலும், அந்த ஒரு மாதம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.